ஒழுகும் கூரை: வீட்டு உரிமையாளருக்கு எப்படி நினைவூட்டுவது?

மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அக்டோபர் மழையில் படுக்கையறைக் கூரை ஒழுகத் தொடங்கியது. உரிமையாளர் வேறு ஊரில் இருக்கிறார். மூன்று முறை போனில் சொல்லியாயிற்று. ஒவ்வொரு முறையும் "மழை விடட்டும்மா, ஆள் அனுப்புறேன்" என்பதுதான் பதில். நவம்பர் பாதி கடந்துவிட்டது. ஓதம் மின்விசிறிக் கொக்கி வரை வந்துவிட்டது. வாடகையை நிறுத்தி வைக்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம். வாடகை நின்றால், பேச்சு கூரையை விட்டு வாடகைப் பாக்கிக்குப் போய்விடும். முதலில் என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்வோம். உரிமையாளர் சொல்லும் பதிலில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை ஒப்புக்கொண்டு எழுதினால்தான் கடிதத்துக்கு வலு கூடும்.

நம் ஊர் மொட்டை மாடிகளில் பெரும்பாலும் கான்கிரீட் தளத்தின் மேல் சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் கலந்த சுர்க்கி (வெயிலையும் மழையையும் தாங்கும் மேலடுக்கு) போட்டு, அதன்மேல் தட்டோடு பதித்திருப்பார்கள். நாள்பட நாள்பட ஓடுகளுக்கு இடையிலான பூச்சு உதிரும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கீறல் விடும். வடிகுழாய் வாயில் இலையும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். தேங்கிய நீர் அந்தக் கீறல்கள் வழியே இறங்கிச் சுர்க்கியில் ஊறி, மெல்லக் கீழே வரும். அதனால்தான் மழை நின்று சில மணி நேரம் கழித்துக்கூடச் சொட்டுகிறது. கீழே சொட்டும் இடத்துக்கு நேர் மேலேதான் ஓட்டை இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கான்கிரீட்டுக்குள் மின்கம்பி ஓடும் குழாய் வழியாக நீர் தூரம் போய், மின்விசிறி இருக்கும் இடத்தில் வெளிவருவது மிகச் சாதாரணம்.

சுர்க்கியைச் சீர்செய்வதையும் நீர்த்தடுப்புப் பூச்சு அடிப்பதையும் தளம் நன்றாகக் காய்ந்த பிறகுதான் செய்ய வேண்டும். ஈரத்தின் மேல் அடித்த பூச்சு பிடிக்காது, கொப்பளித்து உரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாசி வெயில் வந்த பின் செய்வதே சரி. ஆனால் வடிகுழாய் அடைப்பை எடுப்பதற்கும், தேங்கிய நீரைத் தள்ளிவிடுவதற்கும், கீறல் உள்ள மூலையைத் தார்ப்பாயால் மூடுவதற்கும் மழை விட வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் வெறித்தாலே போதும். இந்த வாரம் முடிகிற வேலை ஒன்று, தையில் செய்ய வேண்டிய வேலை ஒன்று என்று நினைவூட்டலில் இரண்டையும் பிரித்து எழுதுங்கள். "மழை விடட்டும்" என்ற பதில் இரண்டாவது வேலைக்குத்தான் பொருந்தும்.

எழுதும் முன் நிலைமையைப் பாருங்கள். பழுப்பு விளிம்போடு கறை பரவுவதும் வெள்ளையாக உப்புப் பூப்பதும் கவனிக்க வேண்டியவை; பதற வேண்டியவை அல்ல. கூரைப் பூச்சு உப்பியிருந்தாலோ, விழுந்து துருக்கம்பி தெரிந்தாலோ அதன் கீழே யாரும் படுக்க வேண்டாம், கட்டிலை நகர்த்துங்கள். மின்விசிறி அருகே ஈரம் இருந்தால் அந்த அறைக்கான மின் இணைப்பை அணைத்துவிட்டு, மின்பணியாளர் பார்க்கும் வரை எதையும் போடாதீர்கள். மழையே இல்லாத நாளிலும் ஒரே அளவில் சொட்டினால், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியையோ அதன் குழாயையோதான் சந்தேகிக்க வேண்டும். அதையும் கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

போனில் சொன்னது காற்றோடு போய்விடும். கைப்பேசியின் அழைப்புப் பட்டியல் நாளடைவில் அழிந்துவிடும். பேசிய நாட்களை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கறையைப் படமெடுக்கும்போது அதன் ஓரத்தில் பென்சிலால் கோடிட்டுத் தேதி குறியுங்கள். அடுத்த மழையில் கோட்டைத் தாண்டினால், எவ்வளவு பரவியது என்பதை அந்தப் படமே காட்டிவிடும்.

வாசகிக்கு நான் எழுதித் தந்த கடிதம் இது:

"மதிப்பிற்குரிய ஐயாவுக்கு வணக்கம். தங்கள் வீட்டின் மாடிப் பகுதியில் வாடகைக்கு இருக்கிறேன். அக்டோபர் 18 முதல் படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது. அக்டோபர் 19, 27, நவம்பர் 6 ஆகிய நாட்களில் தங்களிடம் போனில் தெரிவித்தேன். மழை விட்டதும் ஆள் அனுப்புவதாகச் சொன்னீர்கள். இப்போது ஈரம் மின்விசிறி வரை வந்துவிட்டதால் அந்த அறையைப் பயன்படுத்த முடியவில்லை. படங்கள் இணைத்துள்ளேன். மொட்டை மாடி வடிகுழாயைச் சுத்தம் செய்யவும், கைப்பிடிச் சுவர் மூலையைத் தற்காலிகமாக மூடவும், மின் இணைப்பைப் பார்க்கவும் நவம்பர் 22க்குள் ஆள் அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். நிரந்தர வேலை தளம் காய்ந்த பின்தான் செய்ய முடியும் என்பதை அறிவேன். அதை ஜனவரி மாதத்தில் எந்தத் தேதியில் தொடங்கலாம் என்று எழுத்தில் தெரிவியுங்கள். எந்த நாள் காலையிலும் நான் வீட்டில் இருப்பேன். வாடகை வழக்கம்போல் செலுத்திவருகிறேன்."

இதில் கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பின்னால் விவகாரம் முற்றினால், உங்கள் பக்கம் குறையில்லை என்பதற்கு அதுவே சான்று. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதே கடிதத்தைத் தபாலில் ஒப்புகையோடு (பெற்றவர் கையெழுத்துச் சான்று) அனுப்பி, நகலைக் கோப்பில் வையுங்கள்.

சிலர் தங்கள் செலவிலேயே உள்பக்கம் பட்டி பார்த்து வெள்ளையடித்துவிடுகிறார்கள். கறை மறையும், நீர் மறையாது. அடுத்த மழையில் பட்டி பொருமி விழும். நீங்கள் எடுத்துவைத்த அடையாளமும் போய்விடும். மொட்டை மாடியில் சிமென்ட் பாலைக் கரைத்து ஊற்றச் சொல்வார்கள். வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது அது மயிரிழையாக வெடித்துவிடும். உரிமையாளரைக் கேட்காமல் மேலே கை வைத்தால், "நீங்கள் கொத்தியதால்தான் ஒழுகுகிறது" என்ற பேச்சுக்கும் இடமாகும்.

குறித்த தேதி கடந்தும் பதில் இல்லையென்றால்? தமிழ்நாட்டில் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகைதாரரால் ஏற்படாத கட்டுமானப் பழுதுகளை (தளம், சுவர் போன்றவை) உரிமையாளரின் பொறுப்பிலும், குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளை வாடகைதாரர் பொறுப்பிலும் அதன் அட்டவணை வைக்கிறது. செய்த செலவை வாடகையில் கழித்துக்கொள்ளவும் அதில் வழி உண்டு. ஆனால் எழுத்தில் கேட்டும் அவர் செய்யவில்லை என்று காட்ட முடிந்தால்தான் அது உங்களைக் காக்கும். கழிக்கும் முன் கொத்தனாரிடம் எழுத்துப்பூர்வ மதிப்பீடு வாங்கி, அதை உரிமையாளருக்கு அனுப்பி, வழக்கறிஞரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். செலவுக்கு யோசிப்பவர்கள் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். போகும்போது வாடகை ஒப்பந்தம், வாடகை செலுத்திய ரசீதுகள், இந்தக் கடிதத்தின் நகல், தேதியிட்ட படங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.