மனு வரிசையில் பேச்சுக் கொடுக்க…

திங்கட்கிழமை ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். மனு பதியும் வரிசையில் பாம்பன்காரரும், முதுகுளத்தூர்க்காரரும், கீழக்கரைக்காரரும் அடுத்தடுத்து நிற்பார்கள். அந்த நேரம் பேச்சோடு போக, யாருக்கும் மனசு நோகாமல் இருக்க:

1. வெறும் "வணக்கம்" என்று நிறுத்தினால் ஏதோ அதிகாரி என்று நினைத்துத் தள்ளி நிற்பார்கள். முறை வைத்து, பதில் சொல்ல எளிதான கேள்வியோடு சேருங்கள்: "வணக்கம்ணே, இதுதானே மனு பதியுற வரிசை?" கீழக்கரைப் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை லாத்தா என்றும் கூப்பிடுவார்கள். கூட வந்தவர் எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டுக்கொண்டு அதையே சொல்லலாம்.

2. அடுத்த கேள்வி "எந்த ஊருண்ணே?" என்பதாக இருக்கட்டும். "எதுக்கு வந்தீக?" என்று கேட்காதீர்கள். பங்காளி மேல் நிலத்தகராறு மனு கொண்டுவந்திருப்பார். அந்தப் பங்காளி நாலு பேர் தள்ளி நின்றாலும் நிற்பார். சொல்ல வேண்டுமென்று தோன்றினால் அவரே சொல்வார்.

3. கடற்கரை ஊர் என்றால் காற்றைப் பற்றிக் கேளுங்கள். "காத்து எப்படிண்ணே இருக்கு?" என்றால் வாடை, கச்சான், கொண்டல் என்று பேச்சு தானே ஓடும். ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை "மீன்பாடு எப்படி?" என்று எடுத்தவுடன் கேட்பது சரியில்லை. அந்த 61 நாளும் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கிடக்கும். நாட்டுப்படகு மட்டும் கடலுக்குப் போகும். அதனால் பேச்சு இப்படிப் போகலாம்:

"அண்ணனுக்கு எந்த ஊரு?"

"தங்கச்சிமடம்."

"விசைப்படகாண்ணே, நாட்டுப்படகா?"

"விசைப்படகு. இப்ப சும்மாதான் கெடக்கு."

"அப்ப மராமத்து வேலை நடக்குமே?"

இதோடு பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜின் செலவு என்று அவரே விரித்துச் சொல்வார். நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கத்தவர் என்றால் கண்மாயில் தண்ணீர் கிடக்கிறதா, முண்டு மிளகாய் வத்தல் என்ன விலை போகிறது என்று கேட்கலாம். அங்கே பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது.

4. இலங்கைக் கடற்படை பிடித்துப்போன மகனுக்காகவோ படகுக்காகவோ ஒருவர் மனுவோடு வந்திருந்தால், "எல்லை தாண்டிட்டாங்களா?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம். வழக்கறிஞர் கேட்க வேண்டியதை நாம் கேட்கக்கூடாது. "காலையில சாப்பிட்டீகளா?" என்று கேளுங்கள், இல்லை என்றால் அவர் இடத்தைப் பிடித்துக்கொண்டு டீக்கடைக்கு அனுப்புங்கள்.

5. ஒற்றைச் சொல்லில் பதில் வந்தாலோ, மனுவை மறுபடி மறுபடி பிரித்து மடித்தாலோ பேச்சை விட்டுவிடுங்கள்.

6. கையில் இரண்டு பேனா கொண்டுபோங்கள். "மனுவில செல் நம்பர் எழுதியாச்சாண்ணே?" என்று கேட்டுப் பேனாவை நீட்டினால், அதுவரை பேசாதவரும் திரும்பிப் பார்ப்பார். பதிந்ததும் ஒப்புகைச் சீட்டை வாங்கச் சொல்லி நினைவுபடுத்துங்கள். பின்னால் மனுவைப் பற்றி விசாரிக்க அந்தச் சீட்டில் இருக்கும் எண்தான் வேண்டும்.