ஐந்து மாத வருமானம், பன்னிரண்டு மாதச் செலவு

கேள்வி: எனக்கு வயது 31. வரலாற்றில் எம்.ஏ. முடித்துவிட்டு, அரசு உரிமம் பெற்ற சுற்றுலா வழிகாட்டியாகக் கும்பகோணத்தில் வேலை பார்க்கிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை மூச்சுவிட நேரமிருக்காது. ஏறக்குறைய 80 நாள் வேலை கிடைக்கும், நாளுக்குச் சராசரி 3,000 ரூபாய். ஏப்ரல் வந்தால் போன் அடிப்பதே நின்றுவிடுகிறது. பிரெஞ்சு கற்றுக்கொள் என்கிறார்கள் சிலர். 'ஏதாவது ஒன்றில் ஸ்பெஷலிஸ்ட் ஆகு' என்கிறார்கள் வேறு சிலர். எல்லாக் கோயிலையும் பற்றித்தான் பேசுகிறேன், எதில் ஸ்பெஷலிஸ்ட் ஆவது?

பதில்: முதலில் உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 80 நாளுக்கு 2,40,000 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 20,000. அதிலும் ஏஜென்சிக்காரர்கள் பணத்தை இழுத்தடித்துத் தருவார்கள் என்பது உங்களுக்கே தெரியும். இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் பல வழிகாட்டிகள் கடைக் கமிஷனை நம்புகிறார்கள். ஸ்பெஷலிஸ்ட் ஆக வேண்டுமென்றால் முதலில் விட வேண்டியது அதைத்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எல்லாக் கோயிலையும் பற்றிப் பேசுகிறவர் கும்பகோணத்தில் தடுக்கி விழுந்தால் கிடைப்பார். ஏஜென்சிக்கு நீங்கள் இல்லாவிட்டால் அடுத்தவர். உங்களைத் தேடி ஆள் வர வேண்டுமானால், உங்கள் வழியாக மட்டுமே கிடைக்கும் ஒன்று உங்களிடம் இருக்க வேண்டும். அது உங்கள் வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டரில் இருக்கிறது. சுவாமிமலைச் சிலை வார்ப்பைச் சொல்கிறேன்.

'அங்கேதான் எல்லோரும் கூட்டிப் போகிறார்களே' என்பீர்கள். போகிறார்கள்தான். இருபது நிமிடம் பட்டறையைச் சுற்றிக் காட்டிவிட்டு, முக்கால் மணி நேரம் ஷோரூமில் உட்கார வைக்கிறார்கள். சிலை எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு நாள் முழுக்கச் சொல்லக்கூடிய வழிகாட்டிகள் மிகக் குறைவு. நீங்கள் அந்த ஒருவராக வேண்டும்.

அதற்கு ஏப்ரலிலிருந்து பட்டறையில் போய் உட்காருங்கள். புத்தகத்தில் படித்து வரும் விஷயமில்லை இது. தென்னை ஓலை நறுக்கைச் சிலையின் உயரத்துக்கு வெட்டி, மடித்து மடித்து, முகம் எவ்வளவு, மார்பு எவ்வளவு என்று ஸ்தபதி பிரிப்பதைப் பாருங்கள். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் கை, கால், தலை தனித்தனியாகச் செய்து ஒட்டுவார்கள். அதன்மேல் முதல் பூச்சு காவிரி வண்டல் மண். மெழுகில் உள்ள நகக்கீறல்கூட அந்த நைசான மண்ணில் பதிந்துவிடும். பிறகு கெட்டி மண், பெரிய சிலையானால் இரும்புக் கம்பிக் கட்டு. நிழலில் காய வைத்து, வறட்டி நெருப்பில் சுட்டால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். அது விட்டுப்போன வெற்றிடத்தில்தான் உருக்கிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பிறகு மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அச்சும் உடைந்து போவதால் ஒவ்வொரு சிலையும் ஒன்றே ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல். உலோகம் ஊற்றுவது தினமும் நடக்காது. ஆர்டரைப் பொறுத்தது, அச்சு காய்ந்ததா என்பதைப் பொறுத்தது. நவம்பர் மழையில் மண் காயவே காயாது. அதாவது உங்கள் சீசன் தொடங்குகிற நேரத்தில்தான் பட்டறை மந்தமாகிறது. 'வார்ப்பைக் காட்டுகிறேன்' என்று வாக்குக் கொடுத்துவிட்டு, பாரிஸிலிருந்து வந்தவரைக் குளிர்ந்த அடுப்பின் முன் நிறுத்தினால் அந்த ஏஜென்சி மறுபடி உங்களைக் கூப்பிடாது. மெழுகு வேலையையும் உளி வேலையையும் மட்டும் வாக்குக் கொடுங்கள். அவை எந்த வாரமும் ஏதாவது ஒரு பட்டறையில் நடந்துகொண்டுதான் இருக்கும். வார்ப்பு அமைந்தால் வந்தவருக்கு அதிர்ஷ்டம். மூன்று நான்கு பட்டறைகளோடு பழக்கம் வைத்துக்கொண்டு, எங்கே எப்போது உலோகம் ஊற்றப் போகிறார்கள் என்று வாராவாரம் போனில் கேட்டு வையுங்கள். பத்து வருடம் ஆனாலும் அடுத்தவர் எளிதில் பிடிக்க முடியாத சரக்கு அந்தத் தகவல்தான்.

நாளின் அமைப்பு இப்படி இருக்கலாம். காலையில் தஞ்சாவூர் அரண்மனையிலுள்ள கலைக்கூடம். அங்கே எல்லாச் சிலையையும் காட்டாதீர்கள், களைத்துப் போவார்கள். திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனர் முன்னால் அரை மணி நேரம் நில்லுங்கள். 1011-ஐச் சேர்ந்த சிலை. சாய்ந்து நிற்க வேண்டிய காளை இப்போது இல்லை, கை வெறும் காற்றில் ஊன்றியிருக்கிறது. ஆனாலும் பாரம் எதன்மேல் இருக்கிறது என்று உடம்பைப் பார்த்தாலே தெரிகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சுவாமிமலை. காலையில் பார்த்த அந்த இடுப்பு வளைவை மெழுகில் எப்படிக் கொண்டுவருகிறார்கள் என்று அங்கே காட்டினால், நீங்கள் அதிகம் பேசவே வேண்டாம். எட்டுப் பேருக்கு மேல் ஒரு குழுவில் சேர்க்காதீர்கள். பட்டறையில் நிற்க இடமும் இல்லை, சூடும் தாங்காது.

இப்போது கமிஷனுக்கு வருவோம். பட்டறைக்கு ஒரு பார்வைக் கட்டணம் பேசி, உங்கள் விலைக்குள்ளேயே அதைச் சேர்த்து, வாடிக்கையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். சிலை விற்றால் உங்களுக்குப் பங்கு வேண்டாம் என்று ஸ்தபதியிடமும் சொல்லிவிடுங்கள். பங்கு வாங்கினால் அவர் அதைச் சிலை விலையில்தான் ஏற்றுவார். சிலை பற்றிப் படித்துவிட்டு வருகிறவர்கள் விலையும் விசாரித்துவிட்டுத்தான் வருவார்கள். ஒருமுறை பிடிபட்டால், காலையிலிருந்து நீங்கள் சொன்னது அத்தனையும் வியாபாரப் பேச்சாகிவிடும். அதோடு, வாங்குகிறவருக்கு ஒரு உதவி செய்யுங்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட சிலையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக 1972-ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. புதுச் சிலையும் பழசு மாதிரி இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை சான்றிதழ் தருகிறது. கடைக்காரரே அதை வாங்கித் தருவாரா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

விற்பது எப்போது? நீங்கள் சும்மா இருக்கிற அதே மாதங்களில்தான். அடுத்த குளிர்காலத்துக்கான திட்டத்தை வெளிநாட்டு நிறுவனங்கள் கோடையிலேயே முடிவு செய்கின்றன. கலை, அருங்காட்சியகம் என்று வருகிற தனிக் குழுக்கள் அதற்கும் முன்னால். சென்னை, கொச்சி, டெல்லியில் அவர்களுக்காக வேலை செய்யும் ஏஜென்சிகளுக்கு மே மாதத்துக்குள் ஒரே ஒரு பக்கம் அனுப்புங்கள். அதில் நேர அட்டவணை, கார் ஓடும் நேரம், ஆள் எண்ணிக்கை, விலை, எதற்கு உத்தரவாதம் இல்லை என்பது, இவ்வளவு போதும். 'தமிழ்நாடு முழுவதும் காட்டுவேன்' என்ற வரியை அடித்துவிடுங்கள். வெளிநாட்டில் பரதநாட்டியம் சொல்லித்தரும் ஆசிரியைகளுக்கும் எழுதுங்கள். ஐரோப்பா, கனடாவில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில். அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் ஊருக்கு வருவதும் அப்போதுதான். நடராஜர் எப்படி வார்க்கப்படுகிறார் என்று பார்க்க நடனம் படிக்கிற பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும். அந்த மாதங்களில் மண்ணும் நன்றாகக் காயும்.

சிலை நாளுக்கு 6,000 என்று வைத்து, வருடத்தில் 25 நாள் கிடைத்தால் 1,50,000. வழக்கமான வேலை 60 நாளாகக் குறைந்தாலும் அது 1,80,000. மொத்தம் 3,30,000. முதல் வருடமே 25 வராது, ஐந்து வந்தாலே நல்ல தொடக்கம். ஆகவே பழைய வேலையை விட்டுவிடாதீர்கள். நேரடியாக வருகிறவர்களிடம் பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். ஏஜென்சி போன் செய்து 'எவ்வளவு?' என்று தொடங்கினால் நீங்கள் இன்னும் பட்டியலில் ஒருவர்தான். 'எந்தத் தேதி உங்களுக்குத் தோது?' என்று தொடங்கினால் ஸ்பெஷலிஸ்ட் ஆகிவிட்டீர்கள்.

பிரெஞ்சு? புதுச்சேரி வந்து இறங்குகிற பிரெஞ்சுக்காரர்கள் தஞ்சை, மதுரை என்று போவதால் அந்த மொழிக்குத் தேவை இருக்கிறது, மொழிக்கென்று தனிப்படியும் உண்டு. ஆனால் குழுவை நடத்துமளவு பேச இரண்டு மூன்று வருடம் பிடிக்கும். பட்டறையை இந்த ஏப்ரலில் தொடங்குங்கள், மொழி வகுப்பை மாலையில் வைத்துக்கொள்ளுங்கள்.