ஒரு வதந்தியால் வங்கி கவிழுமா?

மாணவ நண்பர்களே, கடன் வாங்கியவர்கள் ஏமாற்றினாலோ, பணியாளர்கள் பணத்தைக் கையாடினாலோ வங்கி நொடித்துப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒழுங்காகக் கணக்கு வைத்து, நல்லவர்களுக்கே கடன் கொடுத்து, ஒரு தவறும் செய்யாத வங்கியும் கவிழ்ந்துவிடக் கூடும். மக்கள் அதன்மேல் நம்பிக்கை இழந்தாலே போதும். இது எப்படி நிகழ்கிறது? அதைத் தடுக்க என்ன வழி? ஜப்பானில் நடந்த ஓர் உண்மை நிகழ்ச்சியிலிருந்து தொடங்குவோம்.

இரயிலில் பிறந்த பேச்சு

1973ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள். ஜப்பானின் அய்ச்சி மாநிலத்தில் மூன்று உயர்நிலைப் பள்ளி மாணவியர் இரயிலில் போய்க்கொண்டிருந்தனர். அவர்களுள் ஒருத்திக்கு டொயோகவா ஷிங்கின் என்னும் வங்கியில் வேலை கிடைத்திருந்தது. ‘ஷிங்கின்’ என்பது அந்நாட்டில் வட்டார மக்களுக்காக இயங்கும் ஒருவகைச் சேமிப்பு வங்கி. தோழியர் அவளைக் கேலி செய்தனர்: “ஷிங்கினா? அது ஆபத்தான இடமாயிற்றே!” வங்கி என்றால் கொள்ளைக்காரர்கள் வருவார்களே என்பதுதான் அவர்கள் நினைத்த ஆபத்து.

அன்று மாலை அந்தப் பெண், தான் தங்கியிருந்த வீட்டு உறவினரிடம், “ஷிங்கின் ஆபத்தானதா?” என்று கேட்டாள். அவர் வங்கிக்கு அருகில் வாழ்ந்த மற்றோர் உறவுப் பெண்ணிடம், “டொயோகவா ஷிங்கின் ஆபத்தில் இருக்கிறதா?” என்று விசாரித்தார். கேள்வி எப்படி மாறிவிட்டது, பார்த்தீர்களா? பொதுச்சொல் போய் ஒரு வங்கியின் பெயர் வந்துவிட்டது. ‘ஆபத்தான வேலை’ என்ற பொருள் போய் ‘வங்கியே ஆபத்தில்’ என்ற பொருள் வந்துவிட்டது. பேச்சு அழகு நிலையத்துக்குச் சென்றது. அங்கிருந்து ஒரு சலவைக் கடைக்காரர் காதுக்கு எட்டியது. இரண்டு மூன்று நாட்களில் கொசாகாய் என்னும் ஊர்ப் பெண்கள் பலர் இதைப் பற்றியே பேசினர். ஆனால் அதுவரை ஒருவரும் பணத்தை எடுக்க ஓடவில்லை.

டிசம்பர் 13 அன்று சலவைக் கடைக்கு வந்த ஒருவர், அங்கிருந்த தொலைபேசியில் தம் வீட்டாரை அழைத்து, வங்கியிலிருந்து 12 இலட்சம் யென் எடுக்கும்படி சொன்னார். அவருக்கு வதந்தி எதுவும் தெரியாது. ஏதோ ஒரு செலவுக்குப் பணம் தேவைப்பட்டது, அவ்வளவே. கேட்டுக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவியோ, “அப்படியானால் செய்தி உண்மைதான்!” என்று முடிவு செய்தார். உடனே தம்முடைய 18 இலட்சம் யென்னை எடுத்துக்கொண்டார். பிறகு தெரிந்தவர்களுக்கெல்லாம் கணவரும் மனைவியும் நல்லெண்ணத்துடன் எச்சரிக்கை சொன்னார்கள். அன்று மட்டும் 59 பேர் வந்து ஏறத்தாழ 5 கோடி யென்னை எடுத்தனர். மறுநாள் கூட்டம் பெருகியது. வங்கி மறுப்பு வெளியிட்டது. மறுப்பதே ஐயத்துக்கு இடமானது. வங்கித் தலைவர் தற்கொலை செய்துகொண்டார் என்றுகூடப் பேச்சு கிளம்பியது. சில நாட்களில் 100 கோடி யென்னுக்கும் மேல் வெளியேறியது.

காவல்துறை விசாரித்து, வதந்தி வந்த வழியை ஒவ்வோர் ஆளாகப் பின்தொடர்ந்து, அந்த இரயில் பேச்சு வரை போய்ச் சேர்ந்தது. வழியில் எவரும் வங்கியைக் கெடுக்க எண்ணவில்லை. வங்கியும் நல்ல நிலையில்தான் இருந்தது.

பணம் எங்கே இருக்கிறது?

நல்ல நிலையில் இருக்கும் வங்கி, வந்தவர்களுக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். இதற்கு விடை காண ஒரு கணக்குப் போடுவோம்.

ஓர் ஊரில் சிறிய வங்கி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 100 பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள். ஆக வைப்புத்தொகை 1,00,000 ரூபாய். உரிமையாளர்கள் போட்ட முதல் 10,000 ரூபாய். மொத்தம் 1,10,000 ரூபாய். இதில் 10,000 ரூபாயை வங்கி ரொக்கமாகப் பெட்டியில் வைத்திருக்கிறது. மீதி 1,00,000 ரூபாயைக் கிணறு வெட்டவும், தறி வாங்கவும், வீடு கட்டவும் கடனாகக் கொடுத்திருக்கிறது. கடன் வாங்கிய அனைவரும் நாணயமானவர்கள், தவணை தவறுவதில்லை.

வங்கியின் சொத்து 1,10,000 ரூபாய். அது திருப்பித் தரவேண்டியது 1,00,000 ரூபாய். சொத்து அதிகம், ஆகவே இது நல்ல வங்கி. சாதாரண நாளில் நான்கைந்து பேர் பணம் எடுக்க வருவார்கள், நான்கைந்து பேர் போட வருவார்கள். பெட்டியில் உள்ள 10,000 தாராளமாகப் போதும்.

இப்போது வதந்தி பரவுகிறது. முதல் 10 பேர் வந்து பணம் எடுத்ததும் பெட்டி காலி. 11ஆவது ஆளுக்கு என்ன செய்வது? கிணறு வெட்டியவரிடம் போய், “மூன்று ஆண்டுத் தவணையை இன்றே கொடு” என்று கேட்க முடியாது. பணம் மண்ணுக்குள் கிணறாக இருக்கிறது! கடன் பத்திரங்களை வேறொருவரிடம் விற்றுத்தான் ரொக்கம் திரட்ட வேண்டும். அவசரத்தில் விற்பவருக்கு முழு விலை கிடைக்குமா? ரூபாய்க்கு 80 காசு கிடைப்பதாகக் கொள்வோம்.

50 பேர் வரிசையில் வந்தால் 50,000 ரூபாய் வேண்டும். பெட்டியில் 10,000 இருந்தது. மீதி 40,000 ரூபாய்க்காக 50,000 ரூபாய்க் கடன் பத்திரங்களை விற்கவேண்டும். விற்றபின் கையில் இருப்பவை 50,000 ரூபாய்ப் பத்திரங்கள். கொடுக்க வேண்டியதும் 50,000 ரூபாய். உரிமையாளர்களின் முதல் முழுவதும் கரைந்துவிட்டது. 51ஆவது ஆள் வந்து நின்றால், மிஞ்சும் சொத்து மிஞ்சும் பொறுப்பைவிடக் குறைந்துவிடும். அந்த நொடியில் வதந்தி மெய்யாகிவிடுகிறது! 100 பேரும் வந்தால்? 10,000 ரொக்கமும், பத்திரங்களை விற்ற 80,000 ரூபாயும் சேர்ந்து 90,000தான். முதல் 90 பேருக்கு முழுப் பணம்; கடைசி 10 பேருக்கு ஒரு காசும் இல்லை.

கையில் ரொக்கம் இல்லாமை வேறு, சொத்தே இல்லாமை வேறு. ஆனால் முதலாவது நோயைக் கவனிக்காமல் விட்டால் அது இரண்டாவது நோயாக முற்றிவிடும். இதைத்தான் நம் கணக்கு காட்டுகிறது.

ஓடுகிறவர்கள் மூடர்களா?

உங்கள் தந்தையார் அந்த வங்கியில் 1,000 ரூபாய் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வதந்தி பொய் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அப்போதும் அவர் என்ன நினைப்பார்? “எனக்குத் தெரியும், ஆனால் மற்றவர்கள் நம்பிவிட்டால்? அவர்கள் முந்திக்கொண்டால் நான் கடைசிப் பத்துப் பேரில் ஒருவனாகிவிடுவேனே!” ஆகவே அவரும் வரிசையில் போய் நிற்பார். முன்னால் நிற்பவருக்கு முழுப் பணம், பின்னால் நிற்பவருக்கு வெறுங்கை என்ற ஏற்பாடே அவரை ஓட வைக்கிறது. எல்லாரும் அமைதியாக இருந்தால் அமைதியாக இருப்பதே அறிவு. எல்லாரும் ஓடினால் ஓடுவதே அறிவு. இதைக் கணித முறையில் காட்டி 1983இல் கட்டுரை எழுதிய டக்ளஸ் டயமண்ட், ஃபிலிப் டிப்விக் என்னும் அமெரிக்க அறிஞர்கள் 2022இல் பொருளியலுக்கான நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

இரண்டு மருந்துகள்

முதல் மருந்து, மைய வங்கி தரும் அவசரக் கடன். நல்ல கடன் பத்திரங்களை ஈடாகப் பெற்றுக்கொண்டு மைய வங்கி ரொக்கம் கொடுத்தால், பத்திரங்களை 80 காசுக்கு விற்க வேண்டியதில்லை. டொயோகவா வங்கி பிழைத்தது இப்படித்தான். ஜப்பானிய மைய வங்கி, வங்கி நல்ல நிலையில் இருப்பதாக அறிவித்து, பணத்தையும் அனுப்பியது. நோட்டுக் கட்டுகளை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி அடுக்கி வைத்தார்கள்.

இரண்டாவது மருந்து, வைப்புத்தொகைக் காப்பீடு. வங்கி கவிழ்ந்தாலும் உங்கள் பணத்தைக் குறிப்பிட்ட வரம்பு வரை நாங்கள் தருகிறோம் என்று அரசு சார்ந்த ஓர் அமைப்பு முன்கூட்டியே உறுதி கூறுகிறது. அப்போது வரிசையில் முதலில் நின்றாலும் கடைசியில் நின்றாலும் ஒன்றே. பிறகு எதற்காக ஓடவேண்டும்? எவரும் ஓடாவிட்டால் வங்கியும் கவிழாது. இதில் ஒரு விந்தை உண்டு. தீக் காப்பீடு செய்வதால் வீட்டில் தீப்பிடிக்காமல் இருக்காது. வைப்புத்தொகைக் காப்பீடோ, உறுதிமொழியை நம்பினாலே விபத்தைத் தடுத்துவிடுகிறது.

அமெரிக்காவில் 1933இல் ஏறத்தாழ 4,000 வங்கிகள் மூடப்பட்டன. 1934 தொடக்கத்தில் காப்பீடு நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு கவிழ்ந்த காப்பீடு பெற்ற வங்கிகள் ஒன்பதே. நலிந்த வங்கிகள் பல முன்பே மறைந்துவிட்டதும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு கேரளத்தின் பாலை சென்ட்ரல் வங்கி மூடப்பட்டபோது மக்களிடையே பெரும் அச்சம் பரவியது. அடுத்த ஆண்டே சட்டம் இயற்றப்பட்டு, 1962 ஜனவரி முதல் நாள் காப்பீடு தொடங்கியது. அப்போதைய வரம்பு ஒருவருக்கு 1,500 ரூபாய். படிப்படியாக உயர்ந்த அது 1993இல் 1 இலட்சமாகவும், 2020 பிப்ரவரியில் 5 இலட்சமாகவும் ஆயிற்று. ஒரே வங்கியின் பல கிளைகளில் ஒருவர் பணம் வைத்திருந்தால் அனைத்தையும் கூட்டியே, வட்டியையும் சேர்த்தே கணக்கிடுவார்கள். இதற்கான கட்டணத்தை வங்கிதான் செலுத்துகிறது. பணம் போட்டவர் அல்ல.

மருந்துக்கும் எல்லை உண்டு

ஜப்பானில் 1971இலேயே இக்காப்பீடு வந்துவிட்டது. வரம்பு 10 இலட்சம் யென். அந்தச் சலவைக் கடைப் பெண்மணி எடுத்ததோ 18 இலட்சம்! வரம்புக்கு மேல் பணம் வைத்திருப்பவருக்கு ஓடுவதற்கான காரணம் அப்படியே இருக்கிறது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியிலும் இதையே கண்டோம். அங்கிருந்த வைப்புத்தொகையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் காப்பீட்டு வரம்புக்கு வெளியே இருந்தது. மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. அந்த வங்கி முதலீடுகளில் பெரும் நட்டத்தையும் மறைவாகச் சுமந்திருந்தது. அச்சம் முழுவதும் வெறும் வதந்தி அன்று.

வரம்பே இல்லாமல் காப்பீடு கொடுத்துவிட்டால் என்ன? அப்போது எந்த வங்கி ஒழுங்கானது என்று பார்த்துப் பணம் போட யாருக்கும் அக்கறை இராது. வங்கியும், நட்டம் வந்தால் காப்பீடு பார்த்துக்கொள்ளும் என்று துணிந்து கடன் கொடுக்கும். ஆகவேதான் காப்பீடு உள்ள நாடுகளில் வங்கிகளைத் தணிக்கை செய்யும் அதிகாரிகளும் வேண்டியிருக்கிறது.

நீங்களே செய்து பாருங்கள்

1. மேலே கண்ட வங்கி, பத்திரங்களை ரூபாய்க்கு 90 காசுக்கு விற்க முடிந்தால், 100 பேரும் வந்தாலும் அனைவருக்கும் பணம் கிடைக்குமா?

2. வங்கி 10,000 ரூபாய்க்குப் பதில் 30,000 ரூபாயை ரொக்கமாக வைத்திருந்தால், ரூபாய்க்கு 80 காசு விலையில் எத்தனை பேருக்குப் பணம் கிடைக்கும்? அப்படி வைப்பதால் கடன் வாங்க வரும் ஊர்மக்களுக்கு என்ன இழப்பு?