முப்பது நொடியில் ஒரு தையற்கடை: காட்சி வாரியாக ஒரு திட்டம்

தையற்கடைகளின் விளம்பரப் படங்களில் பெரும்பாலும் அலமாரி நிறையத் துணிகளும், ஓடும் இயந்திரங்களும், பின்னணியில் ஒரு திரைப்பாடலும் இருக்கும். அவற்றைப் பார்த்தவர்க்கு அங்கே தைக்கிறார்கள் என்பது தெரியும். தமக்கு அளவாகத் தைத்துத் தருவார்களா என்பது தெரியாது. புதிய கடையில் துணியைக் கொடுக்கத் தயங்குபவரின் கேள்வியோ அது ஒன்றுதான். வெட்டிய துணியை மீண்டும் ஒட்ட இயலாது அல்லவா?

எனவே முப்பது நொடியில் ஒரே ஒரு கேள்விக்கு விடை சொல்வதாக நம் படத்தை அமைப்போம். பெங்களூரில் ஒரு குடியிருப்புத் தெருவில், இரண்டு இயந்திரங்களுடன் ரவிக்கை தைக்கும் சிறிய கடை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். நாம் காட்டப்போவது கைக்குழி. கைக்குழி அக்குளைவிட மிகவும் தாழ்வாக வெட்டப்பட்டால், கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலே இழுபடும். தாராளமாக வெட்டினால் வசதியாக இருக்கும் என்று பலரும் எண்ணுவதுண்டு; உண்மையில், அக்குளை ஒட்டி அளவாக அமைந்த கைக்குழியே கைக்கு அசைவு தருகிறது. இதைச் சொல்லால் விளக்குவது கடினம். கண்ணுக்குக் காட்டுவது எளிது.

படத்தைக் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுப்போம். காட்சிகள் எட்டு.

காட்சி 1 (3 நொடி): அளவு சரியில்லாத பழைய ரவிக்கை அணிந்த பெண் உயரமான தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்கக் கையைத் தூக்குகிறார். கேமரா பக்கவாட்டில், தோள் உயரத்தில் உள்ளது. அக்குளருகே துணி சுருங்கி மேலே இழுபடுகிறது. திரையில், “கை தூக்கினால் பிடிக்கிறதா?”

காட்சி 2 (4 நொடி): தையற்கலைஞர் அதே பெண்ணின் தோளைச் சுற்றி அளவுநாடாவை வைக்கிறார். நாடாவுக்கும் உடலுக்கும் இடையே ஒரு விரல் நுழைவது அருகில் தெரிகிறது. அளவைச் சொல்லும் குரல் மட்டும் கேட்கிறது.

காட்சி 3 (3 நொடி): மேலிருந்து பார்க்கும் கோணம். துணியின் மீது சாக்கட்டி கைக்குழியின் வளைவை வரைகிறது.

காட்சி 4 (3 நொடி): அதே கோணம். கத்தரிக்கோல் அந்த வளைவின் வழியே செல்கிறது. வெட்டும் ஒலி மட்டும்.

காட்சி 5 (4 நொடி): இயந்திரத்தின் ஊசி, கையைக் கைக்குழியோடு இணைக்கிறது.

காட்சி 6 (3 நொடி): தைத்து முடித்த ரவிக்கையின் இரு கைகளும் மேசைமீது அருகருகே உள்ளன. இரண்டின் சரிகைக் கரையும் ஒரே மட்டத்தில் நிற்கின்றன.

காட்சி 7 (5 நொடி): அதே பெண், அதே தட்டு, அதே கோணம். புதிய ரவிக்கையுடன் கையைத் தூக்குகிறார். இடுப்பருகே உள்ள விளிம்பு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நிற்கிறது. இங்கே எழுத்து எதுவும் வேண்டாம்.

காட்சி 8 (5 நொடி): கடை வாசலில் தையற்கலைஞர் நிற்கிறார். கடையின் பெயர், அருகிலுள்ள அடையாளம், தொலைபேசி எண் ஆகிய மூன்று மட்டும் திரையில் தோன்றுகின்றன. பெங்களூர்க் கடையாதலால் எழுத்துகள் கன்னடத்தில் அமைவது நலம். வேறு மொழியினரும் மிகுதியாக வரும் தெருவானால் கடைப்பெயரை மட்டும் இரு மொழிகளில் எழுதலாம்.

மொத்தம் முப்பது நொடி. மூன்று நொடிக் காட்சிக்கும் குறைந்தது பத்து நொடி ஓடவிட்டுப் படம் பிடிக்கவேண்டும். கை நடுங்கிய பகுதியைக் கழித்துவிட்டு நல்ல பகுதியை வெட்டி எடுத்துக்கொள்ளலாம்.

காட்சிகளை எடுக்கும் வரிசை, பார்க்கும் வரிசையன்று. இந்தப் படத்தின் உயிர் முதலாம், ஏழாம் காட்சிகளின் ஒப்பீட்டில் உள்ளது. ஒளியோ கோணமோ மாறினால் அது ஏமாற்று வேலைபோலத் தோன்றும். ஆகவே அளவு முதல் தையல் வரை ஒரு நாளிலும், ரவிக்கை முடிந்தபின் மற்ற நான்கு காட்சிகளை இன்னொரு நாளிலும் எடுப்போம். பழைய ரவிக்கையும் புதிய ரவிக்கையும் ஒரே மணி நேரத்தில் படமாகவேண்டும். பெண் நிற்கும் இடத்தையும் கேமரா நிற்கும் இடத்தையும் சாக்கட்டியால் தரையில் குறித்துவிட்டால் இரண்டும் பிசகா.

வெட்டும் காட்சிக்கு இரண்டாவது வாய்ப்பில்லை. முதலில் பழைய துணியொன்றில் ஒத்திகை பார்த்து, கத்தரிக்கோல் பிடித்த கை கேமராவை மறைக்கிறதா என அறிந்தபின்பே உண்மைத் துணியில் கைவைக்கவேண்டும். அந்தத் துணியும் கடைக்காரர் வாங்கியதாக இருக்கட்டும். படத்திற்காக ஒரு வாடிக்கையாளரின் பட்டைப் பணயம் வைத்தல் தகாது.

துணியின் தேர்விலும் கவனம் வேண்டும். நெருக்கமான கோடு, பொடிக்கட்டம் உள்ள துணிகள் திரையில் அலையலையாக நெளியும். கடுஞ்சிவப்பில் மடிப்புகள் மறைந்து ஒரே திட்டாகத் தெரியும். கறுப்பில் தையலே தெரியாது. மிதமான பச்சை அல்லது நீல நிறத்தில், ஒடுங்கிய சரிகைக் கரையுள்ள துணி நன்று. சரிகைக்கு நேரே விளக்கைப் பிடித்தால் வெள்ளையாகத் தெறிக்கும். சன்னலொளி பக்கத்திலிருந்து விழுந்தால் அதன் இழை தெரியும்.

கடையின் குழல்விளக்கைக் காட்சிகளின்போது அணைத்துவிடுவது நலம். நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் பல விளக்குகளின் ஒளி நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது. கைப்பேசியோ பொதுவாக நொடிக்கு 30 படங்கள் எடுக்கிறது. இவ்விரண்டும் பொருந்தாதபோது திரையில் கரும்பட்டைகள் நகரும். விளக்கு தவிர்க்க இயலாததானால், கைப்பேசியின் அமைப்பில் நொடிக்கு 25 படங்கள் என்னும் தேர்வு உள்ளதா எனப் பார்க்கலாம். மோட்டார் பூட்டிய இயந்திரத்தின் ஊசியும் முழு வேகத்தில் மங்கலான கோடாகவே தெரியும். மிதியை மெல்ல அழுத்தித் தைத்தால் ஊசி ஏறி இறங்குவது தெளிவாகும்.

வெளியிடுமுன் மூன்றைச் சரிபார்ப்போம். முதலாவது, அளவுக் குறிப்பேடு எந்தக் காட்சியிலாவது திறந்து கிடக்கிறதா? அதில் வாடிக்கையாளரின் பெயரும் எண்ணும் உடலளவும் இருக்கும். அவை ஊருக்குக் காட்டத்தக்கவையல்ல. படத்தில் நடிக்கும் பெண்ணின் ஒப்புதலையும் எழுத்தில் பெறுவது நன்று. இரண்டாவது, திரைப்பாடலை வணிக விளம்பரத்தில் உரிமையின்றிச் சேர்த்தால் படம் முடக்கப்படலாம். கத்தரியின் ஒலியும் இயந்திரத்தின் ஒலியும் இக்கடைக்குப் போதுமான இசை. மூன்றாவது, தொலைபேசி எண் திரையின் அடிவிளிம்பில் இருந்தால் செயலிகளின் பொத்தான்கள் அதை மறைத்துவிடும். நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே வைக்கலாம்.

இறுதியாக, கடையை அறியாத ஒருவரிடம் ஒலியை நிறுத்திப் படத்தை ஒருமுறை காட்டி, “இங்கே என்ன சிறப்பு?” என்று கேட்போம். “நன்றாகத் தைக்கிறார்கள்” என்பது விடையானால் முதல் காட்சியில் துணி இழுபடுவது அவர் கண்ணில் படவில்லை என்று பொருள். கேமராவை அக்குளருகே இன்னும் நெருக்கி, அதே அளவு நெருக்கத்தில் ஏழாம் காட்சியையும் மீண்டும் எடுக்கவேண்டும். “கை தூக்கினாலும் பிடிக்காது” என்று அவர் சொன்னால் படத்தை வெளியிடலாம்.