கடலுக்குச் செ…

2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமி பற்றிப் போன் செய்து சொல்ல, நல்லவாடு கிராம அறிவு மையத்தின் ஒலிபெருக்கி அலறியது. மக்கள் கரையை விட்டு ஓடிப் பிழைத்தார்கள். ஒலிபெருக்கிக்கு எழுத்து எண்ணும் வழக்கம் கிடையாது. எஸ்எம்எஸ்ஸுக்கு உண்டு.

ஒரு எஸ்எம்எஸ்ஸின் கொள்ளளவு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து கொள்ளும். தமிழ் யூனிகோடில் போவதால் 70 குறிதான். அதற்கு மேல் போனால் செய்தி துண்டாகும். துண்டுகளைச் சேர்க்கும் தகவலும் இடம் பிடிப்பதால் துண்டுக்கு 67 குறி. எழுத்தை அல்ல, குறியை எண்ண வேண்டும்: 'கா' இரண்டு குறி, 'க்' இரண்டு குறி.

மீனவர்களுக்கான ஓர் எச்சரிக்கையை எடுத்துக்கொள்வோம்:

"நாளை காலை முதல் கடலில் பலத்த காற்று வீசும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்."

கண்ணால் எண்ணினால், இடைவெளியும் புள்ளியும் சேர்த்து 52. குறிக்கணக்கில் 80. ஆக இரண்டு துண்டு, இரண்டு கட்டணம். முதல் துண்டு "கடலுக்குச் செ" என்று நிற்கும். டவர் சரியில்லாமல் இரண்டாவது துண்டு வராமல் போனால், விடுபட்டுப் போவது 'வேண்டாம்' என்ற சொல்தான்.

முதல் வேலை, எண்ணிப் பார்ப்பது. பைத்தானில் இவ்வளவு போதும்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", input())
n = len(s)
print(n, 1 if n <= 70 else -(-n // 67))
```

இரண்டாவது வரியை விட்டுவிடாதீர்கள். சில விசைப்பலகைகள் 'ோ' என்ற ஒரே குறியை 'ே', 'ா' என இரண்டாகத் தட்டிவிடும். அந்த வரி அவற்றை ஒன்றாக்கும்.

அடுத்து, சுருக்குங்கள்: "நாளை கடலில் பலத்த காற்று. மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம். -நல்லவாடு". சரியாக 70. கோட்டுக்குப் பின் ஓர் இடைவெளி விட்டாலும் 71 ஆகி இரண்டு துண்டாகும். எனக்கு இன்னும் பத்துக் குறியாவது மிச்சம் இருந்தால்தான் நிம்மதி. தேதியோ மணியோ சேர்க்கச் சொல்லி யாராவது நிச்சயம் வருவார்கள். மொத்தமாக அனுப்பும் செய்திக்கு டெம்ப்ளேட்டை டிஎல்டியில் பதிந்து ஒப்புதல் வாங்க வேண்டும். பிறகு வாசகத்தை மாற்றினால் மறுபடி ஒப்புதல். அதனால் எண்ணுவது முதலில், பதிவது பிறகு. பதியும்போது வகை 'யூனிகோடு' என்று இருக்கட்டும்.

எழுத்து சிதைந்து வந்தால், சிதைந்த விதமே காரணத்தைச் சொல்லும். `?????` என்று வந்தால், கேட்வேக்கு அனுப்பும்போது யூனிகோடு என்று குறிப்பிடவில்லை, அல்லது டேட்டாபேஸே தமிழை விழுங்கிவிட்டது. சேமித்த வரியைத் திறந்து பாருங்கள்; அங்கேயே கேள்விக்குறி இருந்தால் கேட்வே குற்றவாளி இல்லை. `à®¨` போல வந்தால், யுடிஎஃப்-8 பைட்டுகளை யாரோ லத்தீன் எழுத்தாகப் படித்திருக்கிறார்கள். `0BA80BBE` என வந்தால், குறியெண்ணாக மாற்றியதைச் சாதா எழுத்தாக அனுப்பியிருக்கிறீர்கள். கட்டம் கட்டமாக வந்தால் போனில் தமிழ் எழுத்துரு இல்லை. அதை உங்கள் பக்கத்திலிருந்து சரிசெய்ய முடியாது.

எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன், கரையில் யாரிடமாவது இருக்கும் பழைய பட்டன் போனுக்கு ஒன்று அனுப்பி, அவரையே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.