பின்னால் உறைகிறது, முன்னால் திரிகிறது: ஃப்ரிட்ஜை அடுக்கும் முறை

பின்சுவரை ஒட்டி வைத்த கொத்தமல்லி கண்ணாடிபோல விறைத்துக் கிடக்கிறது. அதே ஃப்ரிட்ஜின் கதவில் இருந்த பாலோ, காய்ச்சும்போது திரிந்துபோகிறது. குளிர் போதவில்லை என்று நினைத்துப் பலரும் உடனே திருகைக் கூட்டுவார்கள். மறுநாள் கொத்தமல்லியோடு தயிரும் உறையும். கதவுப் பால் அப்படியேதான் இருக்கும். இங்கே குறை குளிரில் இல்லை, அது போகும் வழியில் இருக்கிறது.

மேலே ஃப்ரீசர், கீழே பெரிய அறை என்று இருக்கும் இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜை வைத்தே இதைச் சொல்கிறேன்.

முதல் படி: காற்று வரும் துளையைக் கண்டுபிடியுங்கள்

இந்த வகையில் கீழ் அறைக்கெனத் தனியாகக் குளிரூட்டும் சுருள் பெரும்பாலும் கிடையாது. ஃப்ரீசர் பக்கம் குளிரும் காற்றை ஒரு சிறு விசிறி கீழே தள்ளும். பின்சுவரில் தெரியும் நீள்துளைகள் வழியாக அது வந்து, தட்டுகளின் இடையே முன்பக்கம் ஓடி, சூட்டை வாங்கிக்கொண்டு மேலே திரும்பும். துளைக்கு முன்னால் ஒரு பெரிய பாத்திரம் நின்றால், அதன் பின்பக்கம் மட்டும் சில்லிட்டுப்போகும். கதவுவரை காற்று எட்டாது.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் பொதுவாக விசிறி இல்லை. ஃப்ரீசர் பெட்டியிலிருந்து குளிர்காற்று தானே இறங்கும். அதனால் அதன் அடியிலிருக்கும் சில்லர் தட்டுதான் அங்கே அதிகக் குளிர். தட்டுகளில் செய்தித்தாளோ பிளாஸ்டிக் விரிப்போ ஓரம்வரை விரித்தால் இறங்கும் வழி அடைபடும். கண்ணாடித் தட்டைத் துடைப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை.

இரண்டாம் படி: எதை எங்கே வைப்பது

கதவு திறக்கும்போதெல்லாம் வெளிக்காற்று படும் இடம் கதவுதான். ஊறுகாய், சாஸ், ஜாம், தண்ணீர் பாட்டிலுக்கு அது போதும். பாலையும் முட்டையையும் உள்தட்டுக்கு மாற்றுங்கள். முட்டைக்கென்று குழி போட்டே கதவைச் செய்கிறார்களே என்றால், அது இட வசதிக்காக, குளிருக்காக அல்ல.

சமைத்த குழம்பும் பொரியலும் மேல்தட்டில், மூடியோடு. பச்சை மீனும் கறியும் அவற்றுக்குக் கீழே, ஆழமான மூடிய டப்பாவில் இருக்கட்டும். மாற்றி வைத்தால், மீன் தண்ணீர் ஒரு சொட்டு கீழே இறங்கினாலும் சமைத்த உணவில் கிருமி சேரும். இரண்டு நாளுக்குள் சமைக்க மாட்டீர்கள் என்றால் ஃப்ரீசர்தான்.

கீரையைத் துடைத்து, துணியில் சுற்றிக் காய்கறிப் பெட்டியில் வையுங்கள். பழுத்த தக்காளி, மாம்பழம் ஆகியவை வெளிவிடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். அவற்றைத் தள்ளி வையுங்கள். வெங்காயம், உருளைக்கிழங்குக்கு ஃப்ரிட்ஜே வேண்டாம்.

மூன்றாம் படி: இடைவெளி விடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலையை எடுத்துக்கொள்வோம். ஒரு பெரிய எவர்சில்வர் தூக்கு நிறைய இட்லி மாவு, மதியம் மிஞ்சிய சாம்பார், அரைக் கிலோ மீன், நாலு பால் பாக்கெட், இரண்டு கட்டுக் கீரை.

நடுத்தட்டை அடைத்துக்கொள்ளும் தூக்குதான் இதில் சிக்கல். பொங்கிய மாவின் நடுப்பகுதி குளிரப் பல மணி நேரம் ஆகும்; அதுவரை புளித்துக்கொண்டே இருக்கும். அதையே இரண்டு சிறிய பாத்திரங்களில் பிரித்து, இடையிலும் பின்சுவரிலும் இரண்டு விரல் இடம் விட்டு வைத்தால் மாவும் சீக்கிரம் குளிரும், காற்றுக்கும் வழி கிடைக்கும். சாம்பார் மதியத்திலிருந்து மாலைவரை வெளியே கிடக்கக் கூடாது. அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, தண்ணீர்த் தட்டில் வைத்து ஆறவிட்டு, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்திருக்க வேண்டும். பால் பாக்கெட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் ஒரு தட்டில் பரப்புங்கள். மீனும் கீரையும் முன்பு சொன்ன இடங்களில்.

இவ்வளவும் வைத்தபிறகு, கதவைத் திறந்து நின்றால் பின்சுவர் ஆங்காங்கே கண்ணில் பட வேண்டும். படவில்லை என்றால் எதையாவது வெளியே எடுங்கள். திறக்காத சாஸ் பாட்டில், முழுத் தேங்காய், வாழைப்பழம் ஆகியவைதான் முதலில் வெளியேற வேண்டியவை. ஃப்ரீசருக்கு இந்தக் கண்டிப்பு அவ்வளவாக இல்லை. உறைந்த பொருள் நிறைய இருந்தால் மின்தடையின்போது குளிர் அதிக நேரம் நிற்கும். அங்கேயும் காற்றுத்துளையை மட்டும் மறைக்காதீர்கள்.

நான்காம் படி: அளந்து பாருங்கள்

ஒரு டம்ளர் தண்ணீரில் ஃப்ரிட்ஜ் தெர்மாமீட்டரைப் போட்டு, நடுத்தட்டில் இரவு முழுக்க வையுங்கள். காலையில் முதல் தடவை கதவைத் திறக்கும்போதே பாருங்கள். 5 டிகிரி செல்சியஸோ அதற்குக் கீழோ இருந்தால் சரி. 0-வை நெருங்கினால் திருகைக் குறைக்கலாம். 5-ஐத் தாண்டினால் முதலில் பொருளைக் குறைத்து ஒரு நாள் பொறுங்கள். அப்போதும் இறங்கவில்லையா? கதவு ரப்பரில் ஒரு தாளைச் செருகி மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ரப்பரும் சரி என்றால்தான் திருகைத் தொட வேண்டும்.

ஃப்ரீசரில் ஐஸ் நன்றாகக் கட்டுகிறது, கீழ் அறை மட்டும் காலியாக இருந்தும் குளிரவில்லை என்றால் இது அடுக்கிச் சரிசெய்யும் விஷயமல்ல. விசிறி நின்றிருக்கலாம், அல்லது காற்று வரும் பாதையை ஐஸ் அடைத்திருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.