ஒரு பழைய சாரமும் நான்கு வாழையிலையும்

எங்கள் வீட்டில் ஒரு வாரம் எவ்வளவு பிளாஸ்டிக் சேர்கிறது என்று எண்ணிப் பார்க்க நினைத்தேன். குசினி மூலையில் ஓர் உரைச்சாக்கைத் தொங்கவிட்டு, ஏழு நாட்கள் எதையும் குப்பையில் போடாமல் கழுவி அதற்குள் போடும்படி எல்லோரிடமும் கேட்டுக்கொண்டேன். எட்டாம் நாள் முற்றத்தில் கொட்டி எண்ணினோம். ஷொப்பிங் பேக் 21, லன்ச் சீட் 16. மீதி பால்மா பக்கற், பிஸ்கட் உறை, யோகட் கப் போன்றவை. பாதிக்கு மேல் இரண்டே பொருட்கள்தான். ஆகவே இந்த இரண்டையும் மட்டும் குறைப்பது என்று முடிவு செய்தோம்.

அடுத்ததாகச் செலவைக் கணக்கிட்டேன். 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்கக்கூடாது. அதற்கான விலை பற்றுச்சீட்டில் இருக்க வேண்டும். அந்த வாரம் நாங்கள் 9 பைகளுக்கு ஐந்து ரூபா வீதம் 45 ரூபா கொடுத்திருந்தோம். லன்ச் சீட் ஒன்று மூன்றரை ரூபா. 16 சீட்டுக்கு 56 ரூபா. மொத்தம் வாரத்துக்கு 101 ரூபா.

என் முதல் யோசனை, தம்பிக்கும் எனக்கும் வாப்பாவுக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் சாப்பாட்டுப் பெட்டி வாங்குவது. விலை கேட்டபோது ஒன்று 900 ரூபா. தம்பி வாரத்துக்கு ஐந்து சீட் பாவிக்கிறான். அதற்கு 17 ரூபா 50 சதம். 900 ரூபாவை இப்படி மிச்சம் பிடிக்க 52 பாடசாலை வாரங்கள், அதாவது ஒரு வருடத்துக்கும் மேல் போகும். "இந்த மாசம் அதுக்குக் காசு இல்ல மகள்" என்று உம்மா சொன்னது நியாயம்தான். அதனால் ஒழுங்கை மாற்றினோம். காசு செலவாகாத மாற்றம் முதலில்; அதில் மிஞ்சும் காசில்தான் காசு தேவைப்படும் மாற்றம்.

முதலாவது பை. வாப்பாவின் பழைய சாரம் ஒன்று இருக்கும் பக்கம் நைந்து கிடந்தது. நைந்த பாதியை வெட்டி நீக்கியபின் 40 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் உள்ள நல்ல துணி கிடைத்தது. அதிலிருந்து 16 அங்குல அகலம், 36 அங்குல நீளத்தில் இரண்டு துண்டுகள் வெட்டினோம். ஒவ்வொன்றையும் நடுவால் மடித்து இரு பக்கமும் தைத்தால் 18 அங்குல உயரமான பை. பக்கத்தில் மிஞ்சிய 8 அங்குலப் பட்டியிலிருந்து 4 அங்குல அகலம், 22 அங்குல நீளமான நான்கு கைபிடிகள் கிடைக்கும். ஒவ்வொன்றையும் நான்காக மடித்து ஒரு அங்குல அகலமாகத் தைக்க வேண்டும்.

நான் தைத்த முதல் பை ஐந்து கிலோ அரிசியுடன் கடை வாசலிலேயே பிய்ந்தது. கைபிடியைப் பையின் விளிம்பில் மட்டும் வைத்துத் தைத்ததுதான் பிழை. பாரம் முழுவதும் அந்த ஒரு வரித் தையலில் விழுந்துவிட்டது. உம்மா பிரித்துவிட்டு, கைபிடியின் நுனியை விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் கீழே இறக்கி, சதுரமாகத் தைத்து, சதுரத்துக்குள் குறுக்கே பெருக்கல் அடையாளம் போலவும் தைத்தார். அந்தப் பை இன்றும் பிய்யவில்லை.

கடைகளில் துணிப்பை என்று விற்கும் மெல்லிய வண்ணப் பைகள் பல உண்மையில் துணியல்ல. பொலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. ஓரத்திலிருந்து சிறு இழையைக் குறட்டினால் பிடித்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, நெருப்பில் காட்டிப் பாருங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து சாம்பலாகும். பிளாஸ்டிக் உருகிச் சுருண்டு கடினமான மணியாகும்.

மீனுக்குத் துணிப்பை சரிவராது. அதற்கு மூடியுள்ள பழைய ஐஸ்கிரீம் டப்பாவைக் கொண்டு போகிறோம். மீனை நிறுத்த பிறகு டப்பாவில் போடும்படி கேட்க வேண்டும். இல்லையென்றால் டப்பாவின் எடைக்கும் காசு போகும். வீட்டில் டப்பாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். சுடுதண்ணீர் ஊற்றினால் மீன் கழிவு வெந்து ஒட்டிக்கொள்ளும், வாடை போகாது. பிறகு தேசிக்காய்த் தோலால் தேய்த்து வெயிலில் காயவைத்தால் போதும்.

இரண்டாவது லன்ச் சீட். எனக்கும் தம்பிக்கும் சின்ன வகுப்பில் வாங்கிய சாப்பாட்டுப் பெட்டிகள் அலுமாரிக்கு மேல் இருந்தன. பூட்டு உடைந்ததால் ஒதுக்கியவை. ஒரு கைலேஞ்சியால் இறுக்கிக் கட்டியதும் அவை மீண்டும் உதவின. ஆனால் சூட்டோடு சோற்றைப் போடுவதில்லை, ஆறவிட்டுத்தான் கட்டுகிறோம்.

வாப்பா வேலைத்தளத்துக்குப் பெட்டி கொண்டு போக மாட்டார். இரண்டு முறை தொலைத்திருக்கிறார். அவருக்கு வாழையிலை. பச்சை இலையை அப்படியே மடித்தால் வெடிக்கும். உம்மும்மா காட்டித் தந்த முறை இது: நடு நரம்பைப் பின்பக்கமாகச் சீவி மெல்லியதாக்கி, இலையை அடுப்பு நெருப்புக்கு மேலே மெதுவாக நகர்த்த வேண்டும். மங்கலாக இருந்த இலை பளபளக்கத் தொடங்கும், அதுதான் பதம். அதற்கு மேல் வாட்டினால் கருகி ஓட்டை விழும். வாட்டிய இலை துணிபோல மடியும். அதன் மேல் ஒரு பத்திரிகைத் தாளைச் சுற்றிக் கட்டுகிறோம். தாள் சோற்றில் படக்கூடாது. தண்ணீர்க் குழம்பு இலையில் நிற்காது என்பதால் அந்த நாட்களில் பிரட்டலும் சம்பலும் பருப்பும்தான். மழை நாளில் இலை வெட்ட முடியாது. எனவே வேலை நாள் ஆறில் நான்கு நாள் இலை, இரண்டு நாள் சீட்.

நாங்கள் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. முன்பு ஷொப்பிங் பேக்கில்தான் குப்பை கட்டினோம். பை வருவது நின்றதும் இரண்டாவது வாரம் குப்பை வாளி நாறியது. நாற்றத்துக்குக் காரணம் ஈரக் கழிவுதான். மரக்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் முற்றத்துக் குழியில் போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே காய்ந்த சருகு ஒரு பிடி போடத் தொடங்கினோம். மீன் கழிவை ஒரு முழம் ஆழத்தில் புதைக்காவிட்டால் பூனை கிளறிவிடும். காய்ந்த குப்பை மட்டும் மிஞ்சிய வாளிக்குப் பத்திரிகைத் தாள் விரித்தாலே போதுமாக இருந்தது.

நான்கு வாரம் கழித்து மீண்டும் எண்ணினோம். காசு கொடுத்து வாங்கிய பை 2. இரண்டும் வாப்பா வேலை விட்டு வரும் வழியில் வாங்கியவை. இப்போது ஒரு துணிப்பையை மடித்து அவருடைய சைக்கிள் இருக்கைக்குக் கீழே கட்டி வைத்திருக்கிறோம். லன்ச் சீட்டும் 2. பையில் 35 ரூபா, சீட்டில் 49 ரூபா, ஆக வாரத்துக்கு 84 ரூபா மிச்சம். அந்தக் காசு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒரு பால்மா டின்னுக்குள் போகிறது. பதினொரு வாரத்தில் 924 ரூபா சேரும். தம்பியின் உடைந்த பெட்டிக்குப் பதிலாக எவர்சில்வர் பெட்டி அப்போது வரும்.

பால்மா பக்கற்றுக்கும் யோகட் கப்புக்கும் எங்களிடம் இன்னும் வழியில்லை. கப்புகளில் உம்மா மிளகாய்க் கன்று போட்டிருக்கிறார். அது குறைத்தல் அல்ல, குப்பைக்குப் போவதைத் தள்ளிப்போடுவது மட்டும்தான். உரைச்சாக்கு இன்னும் குசினி மூலையில்தான் தொங்குகிறது. உங்கள் வீட்டிலும் ஒன்றைத் தொங்கவிட்டு ஏழு நாள் எண்ணிப் பாருங்கள். உங்கள் சாக்கில் அதிகம் சேர்வது எங்களுடையதிலிருந்து வேறாக இருக்கலாம். மாற்றத்தை அந்தப் பொருளிலிருந்து தொடங்குங்கள்.